"மைக் – பேசணும்": கூட்டக் குறிப்பைச் செயல் அட்டவணையாக மாற்றுவது எப்படி?

கூட்டம் முடிந்து இரண்டு நாள் கழித்து நோட்டைத் திறந்தால், "மைக் – பேசணும்" என்று ஒரு வரி இருக்கும். எழுதியது நாம்தான். எழுதும்போது எல்லாம் புரிந்துதான் எழுதினோம். இப்போது பார்த்தால் யார் பேசணும், யாரிடம் பேசணும், எதற்குள் பேசணும் என்று ஒன்றுமே அதில் இல்லை. அந்த அறையில் இருந்த நான்கு பேரும் அவரவர் மனதில் வேறொரு ஆளை நினைத்துக்கொண்டு எழுந்து போயிருப்பார்கள்.

இப்படிப்பட்ட குறிப்பிலிருந்து செயல் அட்டவணை எடுப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. செயல் அட்டவணை என்றால் மேலிருந்து கீழாக நான்கு பத்திகள் உள்ள ஒரு எளிய கட்டம்: என்ன வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், இப்போது நிலவரம் என்ன. கட்டம் போடுவது ஐந்து நிமிட வேலை. குறிப்பில் உள்ள வரிகளைச் சரியாகப் படிப்பதில்தான் நேரம் போகும், போகவும் வேண்டும். அதனால் ஒரே ஒரு கூட்டத்தின் குறிப்பை எடுத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை போவோம்.

ஒரு சிறிய குழு, ஒருநாள் பயிற்சி வகுப்பு ஒன்றை நடத்தப்போகிறது. கூட்டம் நடந்தது 2026 மார்ச் 2, திங்கட்கிழமை. கவிதா, முருகன், மேரி, சலீம் என்ற நான்கு பெயர்களும் உதாரணத்துக்காக வைத்தவை. குறிப்பு இப்படி இருக்கிறது:

> பயிற்சி 28 சனி – முடிவு. 40 பேர்
> ஹால் – போன தடவை இருந்த இடமே. மைக் கொரகொரன்னு இருந்தது – பேசணும்
> பதிவுப் படிவம் – கவிதா, சீக்கிரம்
> பேச்சாளர் 2. ஒருத்தர் சரின்னுட்டார். இன்னொருத்தர் – முருகன் கேட்டிருக்கார்
> கையேடு பழசு. 3ஆம் பாடம் மாத்தணும். அச்சுக்கு 5 நாள்
> சாப்பாடு – எண்ணிக்கை தெரிஞ்சதும்
> செலவுக்கு அனுமதி – சலீம், மேரி
> அடுத்த திங்கள் மறுபடி

இதை அப்படியே எட்டு வரியாகக் கட்டத்தில் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். பலரும் செய்வதும் அதுதான். அப்படிச் செய்தால் குறிப்பில் இருந்த குழப்பம் கட்டத்துக்குள் குடிபோய்விடும். கோடு போட்டு அழகாக இருப்பதால் அது குழப்பம் என்றே தெரியாது. வெறும் குறிப்பைவிட அது மோசம்.

முதலில் வரிகளைப் பிரியுங்கள்

கூட்டக் குறிப்பில் நான்கு விதமான விஷயங்கள் கலந்து கிடக்கும். சில வரிகள் முடிவுகள். சில வரிகள் வெறும் தகவல். சில வரிகள் வேலைகள். சில வரிகள் இன்னும் விடை கிடைக்காத கேள்விகள். கட்டத்துக்குள் போக வேண்டியவை வேலைகள் மட்டும்தான்.

"பயிற்சி 28 சனி – முடிவு" என்பது ஒரு முடிவு. அதை யாரும் "செய்ய" முடியாது. அது கட்டத்துக்கு மேலே, தனி வரியாக நிற்கட்டும். "40 பேர்" என்பது தகவல் மாதிரி தெரிகிறது. ஆனால் நாற்பது பேர் வருவார்கள் என்ற எதிர்பார்ப்பா, நாற்பதுக்கு மேல் சேர்க்கமாட்டோம் என்ற வரம்பா? வரம்பு என்றால் பதிவுப் படிவம் நாற்பதில் மூடிக்கொள்ள வேண்டும், அச்சடிக்கும் பிரதிகளும் அதற்கேற்ப இருக்க வேண்டும். ஒரு எண்ணுக்குப் பின்னால் இரண்டு வேலைகள் காத்திருக்கின்றன. இந்த மாதிரி சந்தேகங்களை ஓரத்தில் கேள்விக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். விடையை நீங்களே ஊகித்து எழுத வேண்டாம். இந்த உதாரணத்தில் கேட்டபோது வந்த பதில்: நாற்பது என்பது வரம்பு.

எது வேலை என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். தமிழில் எழுதும் குறிப்புக்கு இது நன்றாகவே பொருந்தும். வினைச்சொற்களின் கடைசியைப் பாருங்கள். "செய்கிறேன்" என்றால் ஆள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறார். "செய்கிறார்" என்றாலும் யாரோ ஒருவரைக் காட்டுகிறது. ஆனால் "செய்யணும்", "செய்யலாம்", "பார்த்துக்கலாம்", "ஏற்பாடு செய்யப்படும்" இவற்றில் எந்த ஆளும் இல்லை. கூட்டத்தில் நாம் அதிகம் பேசுவதோ இந்த வகை வினைகளைத்தான், அதுவே மரியாதையான பேச்சாகவும் படுகிறது. ஒருவரைப் பார்த்து "நீங்கள் செய்யுங்கள்" என்று சொல்வதைவிட "செய்யணும்" என்று பொதுவாகச் சொல்வது எளிது. அதனால் குறிப்பை ஒருமுறை மேலிருந்து கீழே ஓட்டி, -ணும், -லாம், -ப்படும் என்று முடியும் ஒவ்வொரு சொல்லையும் வட்டமிடுங்கள். வட்டமிட்ட இடத்தில் ஒரு வேலை இருக்கிறது, ஆள் இல்லை. நம் குறிப்பில் "பேசணும்", "மாத்தணும்" இரண்டும் உடனே சிக்கும்.

வினையே இல்லாத வரிகளும் உண்டு. "சாப்பாடு – எண்ணிக்கை தெரிஞ்சதும்" என்ற வரியில் முக்கியமான வினை விழுந்துவிட்டது. தெரிந்ததும் என்ன? சொல்லணுமா, வாங்கணுமா, பணம் கட்டணுமா? அதையும் வட்டமிடுங்கள்.

வேலை என்ற பத்தி: முடிந்ததை எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு வேலையைக் கட்டத்தில் எழுதும்போது, அது முடிந்துவிட்டதா இல்லையா என்று கூட்டத்துக்கே வராத ஒருவர்கூடப் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும். "மைக் பற்றிப் பேசுவது" என்று எழுதினால், அரங்கப் பொறுப்பாளரை வழியில் பார்த்து "மைக் கொஞ்சம் சரியில்லைங்க" என்று சொன்னாலே வேலை முடிந்துவிடும். மைக் அப்படியேதான் இருக்கும்.

"அரங்கத்துக்கு நேரில் போய் மைக்கை ஓடவிட்டுப் பார்த்து, அதையே பயன்படுத்தலாமா, வெளியிலிருந்து வாடகைக்கு எடுக்க வேண்டுமா என்று குழுவுக்குத் தெரிவிப்பது." இது முடிந்ததா என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. குழுவுக்குச் செய்தி வந்திருந்தால் முடிந்தது, வரவில்லையென்றால் முடியவில்லை. வரி நீளமாகிவிட்டதே என்று கவலைப்படாதீர்கள். மற்ற மூன்று பத்திகளும் குட்டையாகத்தான் இருக்கும், இந்த ஒன்று நீளமாக இருக்கலாம்.

ஒரே வரிக்குள் பல வேலைகள் மடிந்து கிடப்பதும் சகஜம். கையேட்டு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். "3ஆம் பாடம் மாத்தணும். அச்சுக்கு 5 நாள்." இதற்குள் பாடத்தைத் திருத்தி எழுதும் வேலை, அதைப் பிழை பார்த்து அச்சகத்துக்குக் கொடுக்கும் வேலை, அச்சான பிரதிகளை வாங்கி எண்ணிப் பார்க்கும் வேலை என்று மூன்று இருக்கின்றன. மூன்றையும் ஒருவரே செய்யப்போவதில்லை, மூன்றுக்கும் ஒரே தேதியும் இல்லை. பிரிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய நான் பார்ப்பது இதைத்தான்: ஆள் மாறினாலோ தேதி மாறினாலோ தனி வரி. இரண்டுமே மாறவில்லை என்றால் சேர்ந்தே இருக்கட்டும். ஒரே ஆள் ஒரே நாளில் செய்யப்போகும் சின்னச் சின்ன வேலைகளையெல்லாம் பிரித்துப் போட்டால் கட்டம் நாற்பது வரிக்குப் போய்விடும், பிறகு அதை யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள்.

பொறுப்பு என்ற பத்தி: ஒரு வரிக்கு ஒரு பெயர்

"செலவுக்கு அனுமதி – சலீம், மேரி." இரண்டு பேர் இருக்கிறார்கள், பாதுகாப்பாகத்தான் தெரிகிறது. எனக்கும் ஒருகாலத்தில் அப்படித்தான் தெரிந்தது. பல வருடம் முன்பு, ஒரு நிகழ்ச்சிக்கு அரங்கம் பதிவு செய்யும் வரியில் நானே இரண்டு பெயர்களை எழுதினேன். முதல் ஆள் இரண்டாம் ஆள் பதிவு செய்துவிட்டார் என்று நினைத்திருந்தார். இரண்டாம் ஆளும் அப்படியே நினைத்திருந்தார். நிகழ்ச்சிக்கு நான்கு நாள் இருக்கும்போது அரங்கம் வேறொருவருக்குப் போயிருந்தது. இரண்டு பேருமே பொறுப்பானவர்கள், வேலையைத் தட்டிக்கழிக்கிறவர்கள் இல்லை. தவறு நான் எழுதிய வரியில்தான் இருந்தது. அன்றிலிருந்து இந்தப் பத்தியில் இரண்டாவது பெயரை நான் எழுதுவதில்லை.

பொறுப்பு ஏற்பவர் எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டும் என்று இல்லை. வேலை நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அடுத்த கூட்டத்தில் "என்ன ஆச்சு?" என்று கேட்டால் பதில் சொல்கிறவர் அவர். உதவி செய்பவரின் பெயரை வேலை பற்றிய வரியிலேயே சேர்த்துவிடலாம்: "மேரியிடம் அரங்கக் கட்டண விவரம் வாங்கி, செலவு மதிப்பீட்டைத் தயாரித்து அனுமதிக்கு அனுப்புவது." பொறுப்பு: சலீம். இப்போது மேரிக்கும் தன் பங்கு என்னவென்று தெரிகிறது.

இந்த வரியில் இன்னொன்றையும் கவனியுங்கள். "அனுமதி வாங்குவது" என்று எழுதவில்லை, "அனுமதிக்கு அனுப்புவது" என்று எழுதியிருக்கிறேன். அனுமதி தருவது மேலதிகாரியின் கையில் இருக்கிறது. மதிப்பீட்டை அனுப்புவது சலீமின் கையில் இருக்கிறது. ஒருவருக்குக் கெடு வைக்கும்போது, அவர் கையில் இருக்கும் வேலைக்கு வைப்பதுதான் நியாயம். மற்றவர் பதில் வரவேண்டிய பகுதியை நிலவரப் பத்தியில் காட்டிக்கொள்ளலாம்.

பிரிவின் பெயரையோ "குழு", "அனைவரும்" என்பதையோ இந்தப் பத்தியில் எழுதாதீர்கள். கூட்டத்துக்கு வராதவர் பெயரை எழுத வேண்டியிருந்தால், அவரிடம் சொல்லி, அவர் சரி என்ற பிறகு எழுதுங்கள். பெயர் இருப்பதே தெரியாமல் ஒருவர் எப்படி வேலை செய்வார்?

சரி, யாருமே முன்வராத வேலை இருந்தால்? உணவு ஏற்பாடு அப்படித்தான் நிற்கிறது. மனதுக்குத் தோன்றிய பெயரைப் போட்டு நிரப்பிவிட வேண்டாம். கட்டத்துக்குக் கீழே "முடிவாகாதவை" என்று ஒரு சின்னப் பகுதி வைத்து அங்கே எழுதுங்கள், எந்த நாளில் முடிவு செய்யப்போகிறோம் என்பதோடு.

கெடு: "சீக்கிரம்" என்பதைத் தேதியாக்குவது

பேச்சில் வரும் காலச்சொற்கள் ஏமாற்றக்கூடியவை. திங்கட்கிழமை உட்கார்ந்து "அடுத்த வெள்ளிக்குள்" என்று சொன்னால் ஒருவர் நான்கு நாள் என்று எடுத்துக்கொள்வார், இன்னொருவர் பதினொரு நாள் என்று எடுத்துக்கொள்வார். இரண்டும் தமிழில் சரியே. "வெள்ளிக்குள்" என்றால் வெள்ளி மாலை வரை உண்டா, வியாழனோடு முடிந்ததா என்பதிலும் ஆளுக்கு ஒரு கணக்கு. அதனால் தேதியும் கிழமையும் சேர்த்தே எழுதுங்கள்: 6 மார்ச், வெள்ளி. கிழமையைச் சேர்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. தேதியைத் தவறாக எழுதியிருந்தால் கிழமை பொருந்தாமல் உடனே காட்டிக்கொடுக்கும். குறிப்பிட்ட அந்த நாள் முடியும் வரை அவகாசம் உண்டு என்று குழுவில் ஒருமுறை பேசி வைத்துக்கொண்டால் போதும்.

"சீக்கிரம்", "எண்ணிக்கை தெரிஞ்சதும்" போன்றவற்றைத் தேதியாக்க, நிகழ்ச்சி நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். கையேட்டை வைத்து எண்ணிப் பார்ப்போம். பயிற்சி 28 சனி. பிரதிகள் வந்து சேர்ந்ததும் எண்ணிப் பார்க்கவும், பக்கம் விட்டுப்போயிருந்தால் மாற்றவும் ஒரு நாள் கையிருப்பு வேண்டும். ஆகவே 26 வியாழன் அன்று கைக்கு வர வேண்டும். அச்சகத்துக்கு ஐந்து நாள். அது வேலை நாளா, காலண்டர் நாளா? குறிப்பில் இல்லை. கேட்டதில் வேலை நாள் என்று தெரிந்தது. 25, 24, 23 என்று மூன்று நாள், நடுவில் சனி ஞாயிறைத் தாண்டினால் 20, 19 என்று இரண்டு நாள். ஆக 18 புதன் மாலைக்குள் கோப்பு அச்சகத்தின் கையில் இருந்தாக வேண்டும். பிழை பார்க்க இரண்டு மூன்று நாள் விட்டால், மூன்றாம் பாடம் 13 வெள்ளிக்குள் எழுதி முடிந்திருக்க வேண்டும்.

கூட்டத்தில் யாரும் 13 என்ற தேதியைச் சொல்லவே இல்லை. ஐந்து நாளைக் காலண்டர் நாளாக எடுத்து எண்ணியிருந்தால் 20 வெள்ளி வரை நேரம் இருக்கிறது என்று தோன்றியிருக்கும். அன்று கொடுத்திருந்தால் பிரதிகள் பயிற்சிக்கு முந்தைய மாலைக்குத்தான் தயாராகியிருக்கும், தப்பிருந்தால் திருத்த ஒரு நாளும் மிஞ்சியிருக்காது.

பதிவுப் படிவமும் இப்படியே. உணவுக்கும் இருக்கைக்கும் எண்ணிக்கை சொல்ல 20 வெள்ளி அன்று பதிவை மூட வேண்டும். மக்களுக்கு இரண்டு வாரம் கொடுக்க நினைத்தால் 6 வெள்ளி அன்று படிவம் வெளியே போயிருக்க வேண்டும். "கவிதா, சீக்கிரம்" என்ற வரிக்கு உண்மையான பொருள் "கவிதா, நான்கு நாள்". அதை அவரிடம் காட்டி, முடியுமா என்று கேட்டுத்தான் எழுத வேண்டும். நாம் எண்ணிக் கண்டுபிடித்த தேதி என்பதற்காக அவர் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடாது.

வரிகளைத் தேதிப்படி அடுக்கும்போது இன்னொரு விஷயம் வெளியே வரும். அரங்கத்தை உறுதி செய்ய முன்பணம் கட்ட வேண்டும். முன்பணத்துக்குச் செலவு அனுமதி வேண்டும். குறிப்பில் அரங்கம் இரண்டாவது வரியிலும் அனுமதி ஏழாவது வரியிலும் இருந்ததால் இந்த உறவு கண்ணில் படவில்லை. கட்டத்தில் அனுமதி வரிதான் முதலில் வர வேண்டும். எந்த வரி எந்த வரிக்காகக் காத்திருக்கிறது என்று வரிசை எண் போட்டுக் காட்டுங்கள், போதும்.

நிலவரம்: ஐந்தே சொற்கள்

நிலவரப் பத்தியில் ஆளாளுக்குத் தோன்றியதை எழுதவிட்டால் "ஏறக்குறைய முடிந்தது", "பார்த்துக்கொண்டிருக்கிறேன்", "90 சதவீதம்" என்று நிரம்பும். அதிலிருந்து அடுத்து யார் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. ஐந்து சொற்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: தொடங்கவில்லை, நடக்கிறது, காத்திருக்கிறது, முடிந்தது, கைவிட்டது.

இவற்றில் கவனம் கொடுக்க வேண்டியது "காத்திருக்கிறது". அந்தச் சொல்லை எழுதினால், யாருக்காக, எந்தத் தேதியிலிருந்து என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். நம் குறிப்பில் "முருகன் கேட்டிருக்கார்" என்று ஒரு வரி இருக்கிறதே, அது வேலை முடிந்த மாதிரி ஒலிக்கிறது. "சொல்லியாச்சு", "அனுப்பியாச்சு", "கேட்டாச்சு" எல்லாம் இந்த ரகம்தான். பந்து நம் கையை விட்டுப் போய்விட்டது என்பதை மட்டுமே அவை சொல்கின்றன. விசாரித்தால், முருகன் பேச்சாளருக்குப் பிப்ரவரி 27 அன்று எழுதியிருக்கிறார், பதில் வரவில்லை. அப்படியானால் நிலவரம்: காத்திருக்கிறது, பேச்சாளர் பதில், 27 பிப்ரவரி முதல். அந்தத் தேதி அங்கே இருந்தால், ஒரு வாரம் ஓடியதும் யாரும் நினைவூட்டாமலே முருகனுக்குத் தொலைபேசியை எடுக்கத் தோன்றும்.

"கைவிட்டது" என்ற சொல்லும் அவசியம். தேவையில்லாமல் போன வேலையின் வரியை அழித்துவிட்டால், அடுத்த மாதம் யாராவது "அது என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள், யாருக்கும் நினைவிருக்காது. வரி இருக்கட்டும், ஏன் கைவிட்டோம் என்று நான்கு சொல் இருந்தால் போதும்.

கேள்விக்குறி போட்ட இடங்களையெல்லாம் அன்று மாலையே நான்கு பேரிடமும் கேட்டு வாங்கியாயிற்று. இப்போது கட்டம் இப்படி வந்திருக்கிறது:

முடிவுகள்: பயிற்சி 28 மார்ச் 2026, சனி. அதிகபட்சம் 40 பேர். அடுத்த கூட்டம் 9 மார்ச், திங்கள்.

| எண் | வேலை | பொறுப்பு | கெடு | நிலவரம் |
|---|---|---|---|---|
| 1 | மேரியிடம் அரங்கக் கட்டண விவரம் வாங்கி, செலவு மதிப்பீட்டைத் தயாரித்து அனுமதிக்கு அனுப்புவது | சலீம் | 3 மார்ச், செவ்வாய் | நடக்கிறது |
| 2 | முன்பணம் கட்டி, 28ஆம் தேதி முழு நாளுக்கு அரங்கத்தை எழுத்துபூர்வமாக உறுதி செய்வது | மேரி | 6 மார்ச், வெள்ளி | காத்திருக்கிறது: செலவு அனுமதி (எண் 1), 2 மார்ச் முதல் |
| 3 | 40 பேரோடு மூடிக்கொள்ளும் பதிவுப் படிவத்தை அழைப்போடு அனுப்புவது | கவிதா | 6 மார்ச், வெள்ளி | தொடங்கவில்லை |
| 4 | இரண்டாம் பேச்சாளரிடம் வருவாரா மாட்டாரா என்று உறுதியான பதில் வாங்குவது | முருகன் | 9 மார்ச், திங்கள் | காத்திருக்கிறது: பேச்சாளர் பதில், 27 பிப்ரவரி முதல் |
| 5 | அரங்கத்தில் மைக்கை ஓடவிட்டுப் பார்த்து, அதுவே போதுமா வாடகைக்கு எடுக்கணுமா என்று குழுவுக்குச் சொல்வது | முருகன் | 12 மார்ச், வியாழன் | தொடங்கவில்லை |
| 6 | கையேட்டின் 3ஆம் பாடத்தைத் திருத்தி எழுதிக் கவிதாவிடம் கொடுப்பது | சலீம் | 13 மார்ச், வெள்ளி | தொடங்கவில்லை |
| 7 | கையேட்டைப் பிழை பார்த்து அச்சகத்துக்குக் கொடுப்பது | கவிதா | 18 மார்ச், புதன் | தொடங்கவில்லை |
| 8 | அச்சான பிரதிகளை வாங்கி, எண்ணி, பக்கங்களைச் சரிபார்ப்பது | மேரி | 26 மார்ச், வியாழன் | தொடங்கவில்லை |

முடிவாகாதவை: உணவு ஏற்பாட்டுக்கு யார் பொறுப்பு? 9 மார்ச் கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டும். பதிவு மூடிய பின், 23 திங்கள் அன்று எண்ணிக்கை சொல்லியாக வேண்டும்.

எட்டு வரிக் குறிப்பு எட்டு வரிக் கட்டமாகவே வந்திருப்பது தற்செயல். உள்ளே பாருங்கள். மூன்று வரிகள் கட்டத்துக்குள் வரவே இல்லை, ஒரு வரி இரண்டாகியிருக்கிறது, ஒரு வரி மூன்றாகியிருக்கிறது.

இந்தக் கட்டத்தைக் கூட்டம் நடந்த அன்றே, முடியாவிட்டால் மறுநாள் காலைக்குள் எல்லோருக்கும் அனுப்புங்கள். "உங்கள் பெயர் இருக்கும் வரிகளைப் பாருங்கள், தேதி சரிப்படாவிட்டால் நாளைக்குள் சொல்லுங்கள்" என்ற ஒரு வரியோடு. நேரமாக ஆக, கூட்டத்தில் என்ன பேசினோம் என்ற நினைவு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி உறைந்துவிடும். பிறகு திருத்துவது கடினம்.

விரிதாளில் வைத்திருந்தால்

நான்கு பேர், ஒரு மாதம் என்றால் தாளிலேயே இதை ஓட்டிவிடலாம். விரிதாளில் போட்டால், கெடு தாண்டிய வரிகளை அதுவே காட்டும்படி செய்யலாம். எண், வேலை, பொறுப்பு, கெடு, நிலவரம் என்பவை A முதல் E வரை உள்ள பத்திகள் என்றால், F2-வில் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=IF(AND(D2<>"",D2<TODAY(),E2<>"முடிந்தது",E2<>"கைவிட்டது"),"தாமதம்","")
```

கெடு நாள் கடந்து, வேலை முடியாமலும் கைவிடாமலும் இருந்தால் "தாமதம்" என்று வரும். கெடு நாளன்று வராது, மறுநாள்தான் வரும்.

இது வேலை செய்யாமல் போக இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, நிலவரத்தைக் கையால் தட்டும்போது யாராவது "முடிந்தது." என்று புள்ளியோடோ, "முடிஞ்சது" என்றோ எழுதிவிடுவார்கள். சூத்திரத்துக்கு அது வேறு சொல், முடிந்த வேலையையும் தாமதம் என்று காட்டும். அந்தப் பத்தியில் ஐந்து சொற்களையும் கீழ்விரி பட்டியலாக வைத்து, அதிலிருந்து மட்டும் தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். அப்போது பக்கத்தில் எழுதவேண்டிய "யாருக்காக, எப்போதிலிருந்து" என்ற குறிப்பை G பத்திக்கு மாற்றிவிடலாம். இன்னொன்று, "6 மார்ச், வெள்ளி" என்று எழுத்தாகத் தட்டினால் விரிதாள் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளாது, அந்த வரி எத்தனை நாள் தவறினாலும் அமைதியாக இருக்கும். தேதியாகப் பதிந்துவிட்டு, விரிதாளின் அந்தச் சிற்றறையின் வடிவமைப்பில் கிழமையையும் காட்டச் சொல்லுங்கள். 6/3 என்று போட்டால் மார்ச் 6 ஆகவும் ஜூன் 3 ஆகவும் படிக்கப்படலாம், கோப்பின் மொழி அமைப்பைப் பொறுத்தது. பதிந்த பின் மாதத்தின் பெயர் தெரியும்படி வைத்தால் தவறு உடனே தெரியும்.

அடுத்த திங்கள்

மார்ச் 9 கூட்டத்தைக் கட்டத்தைத் திறந்துதான் தொடங்க வேண்டும். கெடு தாண்டியவை, காத்திருப்பவை, இந்த வாரம் கெடு வருபவை. இவற்றை மட்டும் பேசினால் போதும். முடிந்தவற்றைச் சொல்லிக்கொண்டு போனால் நேரம் அதிலேயே போய்விடும்.

சலீமின் மதிப்பீடு 3ஆம் தேதியே போய்விட்டது, அனுமதி 5 வியாழன் வந்தது. எண் 1, முடிந்தது. அடுத்து அரங்கம். மேரி சொல்கிறார்: "பேசிட்டேன், இடம் நமக்குத்தான்." இங்கேதான் வேலைப் பத்தியை ஒருமுறை சத்தமாகப் படிக்க வேண்டும். "எழுத்துபூர்வமாக உறுதி செய்வது" என்று இருக்கிறது. "கடிதமோ ரசீதோ வந்துவிட்டதா அக்கா?" என்று கவிதா கேட்கிறார். முன்பணம் வெள்ளியன்று கட்டியாயிற்று, ரசீது இன்னும் வரவில்லை. ஆகவே நிலவரம் "காத்திருக்கிறது: அரங்க ரசீது, 6 மார்ச் முதல்" என்று மாறுகிறது. கெடு 6 என்பதை அழிக்காமல் "6 → 11 மார்ச், புதன்" என்று எழுதுகிறோம். விரிதாளில் என்றால் D பத்தியில் புதுத் தேதி மட்டும் இருக்கட்டும், பழைய தேதி G பத்திக்குப் போகட்டும். பழைய தேதி கண்ணில் படும்படி இருந்தால்தான் ஒரு வரி எத்தனை முறை தள்ளிப்போயிருக்கிறது என்று தெரியும். ஒரே வரி மூன்றாவது முறை தள்ளிப்போனால், இன்னொரு தேதி கொடுப்பதில் பயன் இருக்காது. பெரும்பாலும் அந்த வேலை ஒரே வரியில் அடங்காத அளவுக்குப் பெரிதாக இருக்கும், இல்லையென்றால் முடிவெடுக்கும் அதிகாரம் அந்த ஆளிடம் இருக்காது. வரியை உடைக்கவோ, ஆளை மாற்றவோதான் வேண்டும்.

முருகனின் பேச்சாளர் விஷயத்தில் பதில் வந்துவிட்டது. அவரால் வர முடியாதாம். இது நிறைய பேரைக் குழப்பும் இடம். வேலை முடிந்ததா? முடிந்தது. "வருவாரா மாட்டாரா என்று உறுதியான பதில் வாங்குவது" என்றுதானே எழுதினோம், பதில் கிடைத்துவிட்டது. நமக்குப் பிடிக்காத பதில் என்பதற்காக அந்த வரியைத் திறந்தே வைத்திருந்தால், முருகன் வேலையைச் செய்யவில்லை என்பதுபோல ஆகிவிடும். எண் 4-ஐ முடித்துவிட்டு, புது வரி ஒன்றைத் தொடங்குகிறோம். எண் 9: "இரண்டாம் அமர்வுக்கு மாற்றுப் பேச்சாளர் ஒருவரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குவது." முருகன் அந்தத் துறையில் தனக்கு யாரையும் தெரியாது என்கிறார். சலீம் தனக்கு இருவரைத் தெரியும், தானே கேட்கிறேன் என்கிறார். பொறுப்புப் பத்தியில் சலீம் என்று எழுதி, கெடுவாக 13 வெள்ளியைப் போடப் போகும்போது மேரி நிறுத்துகிறார். அதே நாளில்தான் சலீமுக்கு மூன்றாம் பாடமும் முடிய வேண்டும். அதற்குப் பின்னால் அச்சகத்தின் 18ஆம் தேதி நிற்கிறது, அதைத் தள்ள முடியாது. பேச்சாளர் வரிக்கு 16 மார்ச், திங்கள் என்று எழுதுகிறோம்.